தாமதத்துக்கான காரணம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ரமணியின் போன் வாய் மூடாது. மற்றப் பதினொரு மாதமும் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்த மருத்துவ அறக்கட்டளையில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், பழைய கோப்புகளுக்கும் தண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மேசை. கதவில் 'பட்ஜெட் பிரிவு' என்று பலகை. பிரிவு என்றால் நாலு பேராவது இருக்க வேண்டாமா? பதினைந்து வருடமாக அங்கே இருப்பது அவள் ஒருத்திதான்.

அந்தப் பிரிவுக்கும் ஆண்டுதோறும் 'ஊழியர் ஒன்றுகூடல்' என்று முந்நூறு வெள்ளி ஒதுக்குவார்கள். அது ஆண்டுதோறும் செலவாகாமல் போகும். யாரோடு ஒன்றுகூடுவது? தன் பெயரிலேயே ஒரு வரி காலாவதியாவதை அவளே அறிக்கையில் தட்டச்சு செய்வாள்.

அவளுடைய வீடும் பக்கத்திலேயே, நடக்கிற தூரத்தில், ஓர் அடுக்குமாடியில் இருந்தது. அம்மா போய் மூன்று வருடமாகிறது. தம்பி மெல்பர்னில் இருக்கிறான், தீபாவளிக்கு விளக்குப் படம் ஒன்று அனுப்புவான். சாவி திருப்பும் சத்தம்தான் அந்த வீட்டில் மாலையில் கேட்கிற முதல் சத்தம், பல நாள் கடைசிச் சத்தமும் அதுதான். இதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. குறைப்பட ஆள் வேண்டுமே.

டிசம்பர் நாலாம் தேதி அவள் கொமுட்டர் ரயிலேறி அறக்கட்டளையின் கிள்ளான் மையத்துக்குப் போனாள். செலவாகாத பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போவது எப்படி என்று துறைத் தலைவர்களுக்கு விளக்கும் கூட்டம். சுற்றறிக்கை நவம்பரிலேயே போய்விட்டது. அதை ஒருவரும் படித்திருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது பேரைக் கூப்பிட்டதில் நாலு பேர் வந்தார்கள். கறிபாப் பலகாரத் தட்டுக்கு இருந்த மரியாதை அவளுடைய விளக்கப் படங்களுக்கு இல்லை. அரை மணி நேரத்தில் மூன்று பேர் கைகழுவப் போய் அப்படியே மறைந்தார்கள்.

நாகையா மட்டும் உட்கார்ந்திருந்தார். வீட்டு வருகைப் பிரிவின் தலைவர் அவர். ஐம்பத்தெட்டு வயது. தனியாக வசிக்கும் முதியவர்களை மேருவிலும் போர்ட் கிள்ளானிலும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் அவருடைய பிரிவின் வேலை. பிரிவில் அவரும் மலர் என்ற தாதியும்தான் மிச்சம். மூன்றாமவளான குமுதா ஜூலையோடு வேலையை விட்டு ஜொகூருக்குப் போய்விட்டாள்.

"மேடம், என் பேலன்ஸப் பாத்தீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "நாப்பத்தாறாயிரம் வெள்ளி. எந்தப் பிரிவும் இவ்வளோ மிச்சம் புடிச்சிருக்காது லா. தலைமையில சொல்லுங்க."

நாற்பது வருட உழைப்பில் ஒரு வெள்ளியும் வீணாக்காத மனிதர், போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் புத்தகத்தைக் காட்டுவதுபோலக் காட்டுகிறார். இவரிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணே, மிச்சம் பிடிச்சா அது உங்க பிரிவுலயே இருக்கும்னு நினைச்சீங்களா?"

"பின்ன? எங்களுக்குக் குடுத்த காசுதானே?"

"இந்த வருஷத்துக்குக் குடுத்தது. டிசம்பர் முப்பத்தொண்ணு முடிஞ்சா, செலவாகாதது எல்லாம் பொது நிதிக்குத் திரும்பிடும். கேட்டு வாங்கினா மட்டும்தான் அடுத்த வருஷத்துக்கு வரும். அதுவும் எல்லாத்தையும் கேக்க முடியாது."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விளக்கப் படங்களை மூடினாள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரி எழுதினாள்.

"உங்க நாப்பத்தாறாயிரத்தப் பிரிச்சுப் பாப்போம். பதிமூணாயிரம், குமுதா போனதுக்கு அப்புறம் மிஞ்சின சம்பளம். இத அடுத்த வருஷத்துக்கு கேரி ஃபார்வர்ட் பண்ண முடியாது. சம்பளத்துக்கு அடுத்த வருஷம் புதுசா குடுப்பாங்க. ஆள் போடுறதுக்குத் தனியா எழுதுங்க, அது வேற கதை."

"சரி."

"நாலாயிரத்து இருநூறு, பெட்ரோல். வருஷா வருஷம் வர்ற செலவு. அதுவும் முடியாது."

"அத மிச்சம் புடிக்கத்தான் மேடம் நான் ஒரே ரூட்ல ஆறு வீடு பாத்தேன்," என்றார் நாகையா மெல்ல.

ரமணி அடுத்த வரிக்குப் பேனாவை நகர்த்தினாள். சிக்கனத்துக்குப் பரிசு கொடுக்கும் கட்டம் எதுவும் அவளுடைய படிவத்தில் இல்லை.

"மூணாவது, இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. இது என்ன?"

நாகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பட்டன். கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்ளும் சிறிய கருவி. விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அமுக்கினால் போதும், பதிந்து வைத்த எண்ணுக்குப் போகும், அதிலேயே பேசலாம். ஒன்று தொள்ளாயிரம் வெள்ளி. முப்பத்திரண்டு பேருக்கு. போன வருடம் பண்டமாரானில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் நாகையாதான் கதவை உடைத்தார். அதற்குப் பிறகு போராடி வாங்கிய ஒதுக்கீடு இது.

"இத எடுத்துப் போக முடியும் அண்ணே. இது ஒருதடவைச் செலவு. ஆனா வருஷம் முடியறதுக்குள்ள ஆர்டர் போட்டிருக்கணும். ஆர்டர் காப்பியோட பன்னெண்டாம் தேதிக்குள்ள விண்ணப்பம் எனக்கு வரணும். ஆர்டர் எங்க?"

"கொட்டேஷன் இருக்கு. ஜூன்லயே வாங்கிட்டேன்."

"கொட்டேஷன் வெறும் விலைப்பட்டியல்தான். நாம வாங்கறோம்னு வாக்குக் குடுத்தது ஆகாது. ஆறு மாசமா ஏன் ஆர்டர் போடல?"

நாகையா பையிலிருந்து ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். யாரோ சொல்லித்தந்த மாதிரி, 'தாமதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'சப்ளையர் தாமதம்' என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு வார்த்தையைப் பதினைந்து வருடமாகப் பார்த்துப் பார்த்து ரமணிக்கு அலுத்துவிட்டது. எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். நிதிக் குழு உடனே சப்ளையரின் கடிதம் கேட்கும். கடிதம் இருக்காது. விண்ணப்பம் குப்பைக்குப் போகும்.

"ஆர்டரே போடாதப்ப சப்ளையர் எப்படிண்ணே தாமதம் பண்ணுவாரு?" என்றாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டாள். "உண்மையான காரணத்தச் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்."

"வெக்கமா இருக்கு மேடம்."

"சொல்லுங்கண்ணே."

"பட்டன்ல ஒரு நம்பர் பதியணும். அமுக்குனா யாருக்குப் போகணும்னு. இருபத்தொரு பேரு மகன் நம்பர், மக நம்பர், பக்கத்து வீடுன்னு குடுத்துட்டாங்க. பதினோரு பேருக்கு நம்பர் இல்ல."

"நம்பர் தெரியலையா?"

"தெரியாம இல்ல. ஆளே இல்ல." அவர் விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். "ஒருத்தரு செத்துப்போன தம்பியோட நம்பரக் குடுத்தாரு. நான் அடிச்சுப் பாத்தேன், ஒரு மலாய்க்காரப் பொண்ணு எடுத்துச்சு. மேருவுல வீரம்மான்னு ஒரு பாட்டி, போனவாட்டி போனப்ப என் நம்பரையே எனக்குச் சொல்லுது. லிஸ்ட் முழுசா வரட்டும், அப்புறம் ஆர்டர் போடலாம்னு ஒவ்வொரு மாசமும் போய்க் கேட்டேன். ஆறு மாசம் ஓடிப்போச்சு."

கூட்ட அறையில் குளிர்சாதன இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. ரமணி பேனாவை மூடித் திறந்தாள். தன்னுடைய பணியாளர் கோப்பில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற வரியில் இன்னும் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது என்பது அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. அம்மாவின் போன் அவளுடைய அலமாரியில், சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. பன்னிரண்டாவது ஆளாக அந்தப் பட்டியலில் அவளையே சேர்க்கலாம்.

"அண்ணே," என்றாள். "ஆர்டர் போட நம்பர் தேவையே இல்ல. எத்தன கருவி, என்ன விலை, அவ்வளவுதான். நம்பர் மாட்டும்போது குடுத்தா போதும்."

நாகையா அவளையே பார்த்தார். "அப்ப நான் ஆறு மாசம் சும்மா அலைஞ்சேனா?"

"ஆமாண்ணே." பொய் சொல்லி ஆறுதல் தர அவளுக்கு வரவில்லை. "நாளைக்கே கொள்முதல் பிரிவுக்கு எழுதுங்க. மூணு நாள்ல ஆர்டர் வந்துடும்."

பிறகு படிவத்தை வரி வரியாக விளக்கினாள். எந்தக் கணக்கு வரியில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் எழுத வேண்டும். அதில் எவ்வளவு கேட்கிறோம், ஆர்டர் எண் என்ன, எப்போது பொருள் வரும், எப்போது பில் கட்டுவோம் என்று அடுத்தது. கிடைத்தால் புது ஆண்டுப் பட்ஜெட்டோடு கலக்காது, தனி வரியாகப் பிப்ரவரியில் வரும். பட்டனுக்கு வாங்கியதைப் பட்டனுக்குத்தான் செலவழிக்கலாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகவில்லை என்றால் அதோடு போயே போய்விடும், இரண்டாம் முறை கேட்க முடியாது.

"டிசம்பர்லயே பொருள் வந்து, பில் மட்டும் பிந்தினா?" என்று நாகையா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"அதுக்கு இந்தப் படிவமே வேணாம். பொருள் வந்துடுச்சுன்னு எங்களுக்குச் சொன்னா போதும், இந்த வருஷச் செலவுலயே போட்டுடுவோம். உங்க பட்டன் பிப்ரவரிலதான் வரும், அதனாலதான் இது."

கடைசியில் காரணக் கட்டத்துக்கு வந்தார்கள். நாகையா 'சப்ளையர் தாமதம்' என்பதை அடித்துவிட்டு எழுதினார். கையெழுத்து பள்ளிப் பிள்ளையுடையதுபோல நிமிர்ந்து நின்றது. 'பயனாளிகள் பதினொருவருக்கு அழைப்பதற்கு ஆள் இல்லை. ஆளைத் தேடியதில் தாமதம். தவறு என்னுடையது.'

ரமணி அதைப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பும் ரயிலில் அந்த முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை எடுத்துப் படித்தாள். ஷா ஆலம் தாண்டும் வரை தாள் மடியிலேயே இருந்தது.

ஆர்டர் ஒன்பதாம் தேதி வந்தது. பத்தாம் தேதி அதன் எண்ணை நாகையாவின் விண்ணப்பத்தில் சேர்த்துக் கணினியில் பதிந்தாள். நிதிக் குழு இருபத்திரண்டாம் தேதி கூடியது.

நிதி இயக்குநர் யுகேந்திரன் ரமணியைவிடப் பதினைந்து வயது இளையவன். கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் படிக்கமாட்டான். அந்தக் காரணத்தை மட்டும் இரண்டு முறை படித்தான்.

"ரமணி அக்கா, இவரு நல்ல மனுஷன் போல. ஆனா சப்ளையர் மாட்டினாத்தான் பில் போடுவாரு. நம்பர் இல்லாம மாட்ட முடியாது. பதினோரு கருவியும் மார்ச்சுக்குள்ள முடியாது. பின்ன எப்படி அப்ரூவ் பண்றது?"

"ஆள் கிடைச்சா?"

"கிடைச்சா சரி. வருஷம் முடியறதுக்குள்ள பதினோரு நம்பரும் வரட்டும். வரலன்னா இருபத்தொண்ணுக்கு மட்டும், பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம் திரும்பிடும், ஆர்டரையும் குறைச்சுக்கலாம். ஃபேர்தானே?"

நியாயம்தான். அதை மறுக்க அவளிடம் விதி எதுவும் இல்லை. விதிகளை எழுதியதே அவள்தானே. அவளுக்குத் தன் மீதே கோபம் வந்தது.

நாகையாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். "சரி மேடம், பாக்கறேன்," என்றார். ஒரே எண்ணை நாலு கருவிக்கு மேல் பதியக் கூடாது என்பது சப்ளையரின் நிபந்தனை. அவர் நாலு எடுத்துக்கொண்டார். மலர் நாலு எடுத்துக்கொண்டாள். மையத்தின் காவலாளி சின்னையா, தமக்கும் அறுபத்தைந்து வயதென்றாலும், இரண்டுக்குத் தலையாட்டினார். ஆக மொத்தம் பத்து.

முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்கு நாகையாவின் போன் வந்தது. "ஒண்ணு நிக்குது மேடம். வீரம்மா. சின்னையாவக் கேட்டேன், ரெண்டுக்கு மேல முடியாதுன்னுட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. விடுங்க, முப்பத்தொண்ணு கிடைச்சதே பெரிசு."

ரமணியின் கணினித் திரையில் அவருடைய விண்ணப்பம் திறந்திருந்தது. தொள்ளாயிரம் வெள்ளி. அறக்கட்டளையின் முப்பது லட்ச வெள்ளி பட்ஜெட்டில் அது ஒரு தூசி. அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாயா என்றும் யாரும் கேட்கப்போவதில்லை.

"என் நம்பரப் போடுங்கண்ணே," என்றாள்.

"மேடம், நீங்க பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கீங்க. அது மேரு."

"ஆம்புலன்ஸக் கூப்பிட எங்க இருந்தா என்ன? உங்களையும் மலரையும் எழுப்பத் தெரியும் எனக்கு. எழுதிக்குங்க." எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினைந்து வருடமாக அதை வங்கிக்கும் மின்சார அலுவலகத்துக்கும் தவிர யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை.

பட்டியல் முப்பத்தொன்றாம் தேதி காலையில் வந்து சேர்ந்தது. யுகேந்திரன் கடைசி வரியில் இருந்த எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையெழுத்திட்டான். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறும் பிப்ரவரியில் தனி வரியாக நாகையாவின் கணக்கில் ஏறியது. மார்ச் பதினெட்டுக்குள் முப்பத்திரண்டும் மாட்டிப் பில்லும் கட்டியாயிற்று. குமுதாவின் இடத்துக்கு ஆள் கேட்ட விண்ணப்பம் இன்னும் எங்கேயோ உறங்குகிறது. ஊழியர் ஒன்றுகூடலுக்கான முந்நூறு வெள்ளி வழக்கம்போலப் புதிதாக வந்து ரமணியின் பிரிவில் உட்கார்ந்துகொண்டது.

ஜனவரியும் பிப்ரவரியும் போயின. அவளுடைய போன் மறுபடி ஊமையானது. நாகையாகூடக் கூப்பிடவில்லை. அவளிடம் ஆக வேண்டிய வேலை முடிந்துவிட்டதே. அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் வலித்தது.

மார்ச் கடைசி ஞாயிறு. மாலை நாலு மணி இருக்கும். அடுத்த வாரத்துக்குப் புடவைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் 'வீரம்மா, மேரு'.

இஸ்திரிப்பெட்டியை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. "அம்மா! விழுந்துட்டீங்களா? எங்க வலிக்குது?"

"யாரு விழுந்தா?" என்றது ஒரு கணீர்க் குரல். "சும்மா அமுக்கிப் பாத்தேன். எடுக்குறியான்னு."

ரமணி இஸ்திரிப்பெட்டியைத் தேடி அணைத்தாள். "அம்மா, சும்மா அமுக்கக் கூடாது. நாகையா அண்ணன் சொல்லலியா? காரணம் இருந்தாத்தான் அமுக்கணும்."

"காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"வெள்ளிக்கிழம காலையில நாகையா வந்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் யாரோடவும் பேசல. வாய் ஒட்டிக்கிச்சு."

எத்தனையோ காரணங்களை ஏற்காமல் திருப்பி அனுப்பியவள் ரமணி. இதைத் திருப்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் காவலாளிக்கு "வரேன்" சொன்ன பிறகு அவளும் யாரோடும் பேசியிருக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்று கிழவி கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"மணி நாலாச்சு, இன்னும் சாப்பிடலியா? வீட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?" கிழவி நிற்காமல் அடுத்ததைக் கேட்டாள். "ஒனக்கு இந்தப் பட்டன் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப நீ விழுந்தா யாரக் கூப்புடுவ?"

தம்பி இருக்கிறான் என்று சொல்லலாம். பக்கத்து வீடு என்று சொல்லலாம். 'சப்ளையர் தாமதம்' மாதிரி எதையாவது சொல்லி வைக்கலாம். கிழவி கடிதம் கேட்கவா போகிறாள்?

"யாரும் இல்லம்மா," என்றாள் ரமணி. சொன்ன பிறகு கண் கலங்கியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

மேருவில் எங்கேயோ ஒரு லோரி கடந்துபோகும் சத்தம் போனில் கேட்டது. கிழவி மூச்சு விடுவதும் கேட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் அமுக்கவா?" என்று கேட்டாள் கிழவி, இந்தத் தடவை கொஞ்சம் தயங்கி.

முடியாது, அது அவசரத்துக்கு மட்டும்தான் என்பதுதான் விதி.

"நாலு மணிக்கு அமுக்குங்கம்மா," என்றாள் ரமணி. "அதுக்குள்ள நான் சாப்பிட்டிருப்பேன்."